மார்க்கெட் அசையவே இல்லை, பொசிஷன் மட்டும் ஒரே நாளில் 78% ஏறச் சொல்கிறது: வோலட்டிலிட்டி டார்கெட்டிங் கேள்வி

அலைவரிசை · #1

ஒரே ஒரு இண்டெக்ஸ் ஃப்யூச்சர்ஸ்ல வோலட்டிலிட்டி டார்கெட்டிங் பண்றேன். செட்டப் ரொம்ப சிம்பிள். வருஷத்துக்கு 12% வோலட்டிலிட்டி டார்கெட். கடைசி 20 டிரேடிங் நாள் ரிட்டர்னோட ஸ்டாண்டர்ட் டீவியேஷனை எடுத்து, 252-ஓட வர்க்கமூலத்தால பெருக்கி வருஷக் கணக்காக்கறேன். 12-ஐ அந்த எண்ணால வகுத்தா வர்றதுதான் எக்ஸ்போஷர். மேல்வரம்பு எதுவும் வைக்கல.

இப்ப பிரச்சினை. மார்க்கெட் அமைதியா இருந்தப்ப தினசரி நகர்வு 0.6% மாதிரி இருந்துச்சு. வருஷக் கணக்குல 9.5%. எக்ஸ்போஷர் 126%. திடீர்னு ஒரு நாள் 4% விழுந்தது. வோலட்டிலிட்டி 17% ஆச்சு, எக்ஸ்போஷரை 71%-க்குக் குறைக்கச் சொல்லிச்சு, குறைச்சேன். அதுவரைக்கும் சரி.

அடுத்த நாளே மார்க்கெட் பழைய 0.6%-க்குத் திரும்பிடுச்சு. ஆனா எக்ஸ்போஷர் நாலு வாரம் 71-லயே நின்னுது. சரியா 20 டிரேடிங் நாள் கழிச்சு, உப்புச்சப்பு இல்லாத ஒரு நாள்ல, திரும்ப 126%-க்கு ஏத்தச் சொல்லுது. அன்னிக்கு மார்க்கெட்ல ஒண்ணுமே நடக்கல. இதைக் கேக்கறதா வேண்டாமா?

---

ஓரம்போ · #2

20 நாள் வரலாற்றை எடுத்தா இப்படித்தான் ஆகும் ப்ரோ. நடந்து முடிஞ்சதைப் பாத்து என்ன பயன்? விக்ஸ் எடுங்க. அது ஆப்ஷன் விலையிலேர்ந்து வருங்கால வோலட்டிலிட்டியைச் சொல்லுது. 12-ஐ விக்ஸால வகுத்துடுங்க, முடிஞ்சது கதை.

---

கணக்குப்பிள்ளை · #3

அலைவரிசை சார், அந்த 78% உயர்வைக் கேட்க வேண்டாம். ஏன் வந்தது என்று பார்த்தால் எதை மாற்றவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

20 நாள் சாளரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரே எடை. 4% விழுந்த நாளின் வர்க்கம் 16. சாதாரண நாளின் வர்க்கம் 0.36. மற்ற 19 நாள்களையும் கூட்டினால்கூட 6.84-தான். அதாவது உங்கள் எண்ணில் எழுபது விழுக்காடு அந்த ஒரு நாளின் பங்கு. அது உள்ளே இருக்கும்வரை ஒரு மதிப்பு, வெளியே போனதும் வேறு மதிப்பு. 19-ஆம் நாள் முழு எடை, 20-ஆம் நாள் பூஜ்யம். சந்தை பற்றி அன்று உங்களுக்குப் புதிதாக எந்தச் செய்தியும் கிடைக்கவில்லை; பழைய செய்தி ஒன்று மறைந்தது, அவ்வளவுதான். விழுந்த நாளின் ஆவி இருபது நாள் வீட்டுக்குள் இருந்துவிட்டு ஒரே ராத்திரியில் கிளம்பிப் போகிறது.

மாற்று: எக்ஸ்பொனென்ஷியல் எடை. இன்றைய வேரியன்ஸ் = நேற்றைய வேரியன்ஸ் × 0.94 + இன்றைய ரிட்டர்னின் வர்க்கம் × 0.06. இந்த 0.94 ரிஸ்க்மெட்ரிக்ஸ் காலத்திலிருந்து தினசரித் தரவுக்குப் புழங்கும் எண். ஒரு அதிர்ச்சியின் தாக்கம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 டிரேடிங் நாள் ஆகும்.

உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். விழுவதற்கு முன் வேரியன்ஸ் 0.36. விழுந்த அன்று 0.36 × 0.94 + 16 × 0.06 = 1.30. வர்க்கமூலம் 1.14%, வருஷக் கணக்கில் 18.1%. எக்ஸ்போஷர் 66%. அதன்பின் தினமும் 0.6% நகர்வு என்றே வைத்துக்கொண்டால், 5 நாளில் 74%, 10 நாளில் 81%, 20 நாளில் 95%, 40 நாளில் 114%. எங்கேயும் குதிப்பு இல்லை.

கவனித்தீர்களா, விழுந்த அன்று இது உங்கள் சாளரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டுகிறது. ஆனால் மறுநாளே திரும்ப ஏறத் தொடங்கிவிடுகிறது.

இன்னொன்று. ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஃபங்ஷன் சராசரியைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடும். 20 நாளும் தினமும் சரியாக 1% விழுந்தால் அது தரும் விடை பூஜ்யம். சந்தை சரிந்துகொண்டே இருக்கும்போது உங்கள் ஃபார்முலா எல்லையில்லாத எக்ஸ்போஷர் எடுக்கச் சொல்லும். நிஜத்தில் அவ்வளவு சீராக விழாது, ஆனால் ஒரே திசையில் நகரும் வாரங்களில் எண் குறைத்துக் காட்டும். சராசரியைக் கழிக்காமல் ரிட்டர்னின் வர்க்கத்தை நேராக எடுங்கள்.

---

மலைமுகடு · #4

நான் வேற மாதிரி பண்றேன். ஏடிஆர் 14, அதாவது 14 நாள் சராசரி நகர்வு எடுத்து அதுல ரெண்டு மடங்கு தூரத்துல ஸ்டாப் லாஸ். ஒரு டிரேடுக்கு மூலதனத்துல 1% ரிஸ்க். ஏடிஆர் பெருசானா குவான்டிட்டி தானா குறையும். இதுவும் வோலட்டிலிட்டி டார்கெட்டிங்தானே? 4% விழுந்த அன்னிக்கு ஸ்டாப் அடிச்சு வெளிய வந்திருக்கலாமே, ஏன் இவ்வளவு கணக்கு?

---

நிலா_குவான்ட் · #5

@மலைமுகடு உறவுக்காரங்கதான், ஆனா ஒரே ஆள் இல்லை. உங்க முறையில என்ட்ரி எடுக்கும்போது ஒரு தடவை அளவு முடிவாகுது, அப்புறம் டிரேடு முடியும்வரை அதே குவான்டிட்டி. ஏடிஆர் நடுவுல ரெட்டிப்பானா நீங்க குறைக்கறதில்லை. இவர் எப்பவும் சந்தைக்குள்ளேயே இருக்கார். எத்தனை இருக்கணும்கிறது மட்டும் தினமும் மாறுது, வெளியேறும் சிக்னலே கிடையாது. ஸ்டாப் அடிச்சா அடுத்து எப்ப உள்ள வர்றதுன்னு தனியா ஒரு விதி வேணும், இங்க அது தேவையில்லை.

@ஓரம்போ விக்ஸ் யோசனை பாதி சரி. அதிர்ச்சி வந்த அன்னிக்கே வேகமா நகரும், உண்மைதான். ஆனா அப்படியே வகுத்தா ரெண்டு சிக்கல்.

முதல் சிக்கல், விக்ஸ் பெரும்பாலான நாள்ல பின்னால உண்மையில நடக்கிற வோலட்டிலிட்டியைவிடச் சில புள்ளி மேலதான் இருக்கும். ஆப்ஷன் விக்கிறவங்க கேக்கிற காப்பீட்டுக் கட்டணம் அது. 12-ஐ விக்ஸால வகுத்தா நிஜத்துல உங்களுக்கு 12% கிடைக்காது, ஒன்பதோ பத்தோதான் கிடைக்கும். விகிதத்தைத் திருத்திட்டுப் பயன்படுத்தலாம், ஆனா அந்த விகிதமே அமைதியில ஒண்ணு, பீதியில ஒண்ணு.

ரெண்டாவது, பீதி நாள்ல விக்ஸ் என்ன சொல்லுதுன்னு பாக்கணும். 2018 பிப்ரவரி 5: எஸ் அண்ட் பி 500 விழுந்தது 4.1%. விக்ஸ் 17.31-லேர்ந்து 37.32-க்குப் போச்சு. ஒரே நாள்ல எக்ஸ்போஷரைப் பாதிக்குக் கீழ வெட்டச் சொல்லும். 2024 ஆகஸ்ட் 5: இண்டெக்ஸ் விழுந்தது 3%. விக்ஸ் காலையில 65-ஐத் தாண்டிட்டு, முடியும்போது 38.57. காலையில அவ்வளவு தூக்கினதுல பெரும்பங்கு, தூரத்து ஸ்ட்ரைக் ஆப்ஷன்கள்ல வாங்கும் விலைக்கும் விக்கும் விலைக்கும் இடைவெளி விரிஞ்சதால வந்தது. அந்த 65-ஐ நம்பி அளவை வெட்டியிருந்தா, யாரும் டிரேடு பண்ணாத விலைக்காக நிஜப் பணத்துல வித்திருப்பீங்க. இன்ட்ராடே விக்ஸை இதுக்குள்ள கொண்டு வராதீங்க. வேணும்னா க்ளோஸிங் மட்டும்.

---

ஓரம்போ · #6

சரி, க்ளோஸிங் மட்டும் எடுக்கிறேன். ஆனா திருத்தின விக்ஸும் வரலாற்று எண்ணும் ரெண்டையும் சராசரி எடுத்தா ரெண்டோட நல்லதும் வருமில்ல?

---

நிலா_குவான்ட் · #7

வரும். செய்யிறவங்க இருக்காங்க. ஆனா ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் அப்படி ஒரு ஆப்ஷன் எண் கிடைக்காது. நாலஞ்சு மார்க்கெட்டுக்கு ஒரே முறை வேணும்னா வரலாற்று எண்தான் வழி.

---

அலைவரிசை · #8

கணக்குப்பிள்ளை சார், நன்றி. எக்ஸ்பொனென்ஷியல் போட்டுப் பாத்தேன், அந்தக் குதிப்பு போயிடுச்சு. ஆனா இப்ப தினமும் அளவு மாறிட்டே இருக்கு. நேத்து 118, இன்னிக்கு 121, நாளைக்கு 113-னு. இத்தனை ஆர்டர் போட்டா கமிஷன்லயே போயிடும். அப்புறம் அந்த 4% நாளைப் பத்தி இன்னொரு சந்தேகம். வெட்டினது விழுந்ததுக்கு அப்புறம்தானே? விழுந்த அடியை முழுசா 126%-ல வாங்கினோமே?

---

கணக்குப்பிள்ளை · #9

இரண்டாவது சந்தேகம்தான் இந்த முறையின் அடிமடி. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆம், முதல் அடியிலிருந்து இது காப்பாற்றாது. அமைதி நீளும்போது எக்ஸ்போஷர் ஏறும், அதனால் முதல் அடி விழும் நாளில்தான் உங்கள் கையில் பொசிஷன் மிகப் பெரிதாக இருக்கும். மூலதனம் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 126% என்றால் 12.6 லட்சம் பொசிஷன். 4% விழுந்தால் நஷ்டம் 50,400, அதாவது மூலதனத்தில் 5%. இப்போது மூலதனம் 9.5 லட்சம், பொசிஷன் 12.1 லட்சம். புது எக்ஸ்போஷர் 66% என்றால் வைத்திருக்க வேண்டியது 6.3 லட்சம். விழுந்த அன்றே 5.8 லட்சத்துக்கு விற்கச் சொல்கிறது. பாதிக்குக் கொஞ்சம் குறைவு. எல்லோரும் விற்கும் நாளில்.

இந்த முறை சம்பாதிப்பது இரண்டாவது, மூன்றாவது அடியில்தான். வோலட்டிலிட்டி கொத்தாக வரும். பெரிய நகர்வுக்குப் பின்னால் பெரிய நகர்வு வரும் வாய்ப்பு கூடுதல். 2018 பிப்ரவரி 5-ஆம் தேதி 4.1% விழுந்ததற்குப் பிறகு 8-ஆம் தேதி இன்னொரு 3.75% விழுந்தது. 5-ஆம் தேதி முடிவில் குறைத்தவருக்கு அந்த இரண்டாவது அடி பாதி வலிதான்.

முதல் அடியைச் சிறிதாக்க வேண்டுமென்றால் அமைதிக் காலத்தில் ஏறவிடாமல் தடுக்க வேண்டும். இரண்டு வழி.

ஒன்று, கடினமான மேல்வரம்பு. நீங்கள் வைக்கவே இல்லை. 2017-இல் விக்ஸ் க்ளோஸிங்கில் 9.14 வரை இறங்கியது. அப்படிப்பட்ட காலத்தில் நிஜ வோலட்டிலிட்டி 5%-க்கு வந்தால் உங்கள் ஃபார்முலா 240% எடுக்கச் சொல்லும். 1987 அக்டோபர் 19-இல் எஸ் அண்ட் பி 500 ஒரே நாளில் 20% விழுந்தது. 240%-இல் அப்படி ஒரு நாள் வந்தால் மூலதனத்தில் 48% காலி. 150% வரம்பு இருந்தால் 30%. இரண்டுமே மோசம்தான், ஆனால் 30% போனால் மீண்டு வரலாம். வரம்பைத் தீர்மானிக்க நான் சொல்லும் கேள்வி ஒன்றே: ஒரு 20% நாளில் எவ்வளவு போனால் மார்ஜின் அழைப்பு வராமல் உட்கார முடியும்? அதை 20-ஆல் வகுங்கள். பேக்டெஸ்டில் எந்த வரம்பு நல்ல ஷார்ப் விகிதம் தருகிறது என்று தேடிப் பிடிக்காதீர்கள்.

இரண்டு, நீண்டகால வோலட்டிலிட்டியையும் கலப்பது. 70% குறுகிய கால எண், 30% பத்து வருஷச் சராசரி. நீண்டகாலம் 16% என்று கொள்ளுங்கள். குறுகிய எண் 9.5% என்றால் கலவை 11.5%, எக்ஸ்போஷர் 105%. 4% விழுந்த பின் குறுகிய எண் 18.1%, கலவை 17.5%, எக்ஸ்போஷர் 69%. நஷ்டம் 5%-க்குப் பதில் 4.2%. அன்று விற்க வேண்டியது 5.8 லட்சத்துக்குப் பதில் 3.5 லட்சம். குறுகிய எண் 5%-க்கே போனாலும் கலவை 8.3%, எக்ஸ்போஷர் 145%-இல் தானாக நின்றுவிடும்.

இதற்கும் விலை உண்டு. அமைதிக் காலத்தில் நீங்கள் 12%-க்குக் கீழேதான் ஓடுவீர்கள். 105% × 9.5% ஏறக்குறைய 10%. 12 என்று எழுதிவைத்துவிட்டு 10-இல் ஓடுவது பிடிக்காதவர்கள் டார்கெட்டை ஏற்றுவார்கள். ஏற்றினால் பீதிக் காலத்தில் அதற்கான பலனையும் அனுபவிக்க வேண்டும்.

தினசரி ஆர்டர் பற்றி: தடை வளையம் வையுங்கள். கையில் இருப்பதற்கும் ஃபார்முலா கேட்பதற்கும் இடைவெளி 10%-ஐத் தாண்டினால் மட்டும் டிரேடு. ஏன் 10? 0.94-இல், வழக்கத்தைப் போல் இரு மடங்கு நகர்ந்த ஒரு நாள், அதாவது 0.6-க்குப் பதில் 1.2%, எக்ஸ்போஷரை 8% குறைக்கும். துளியும் அசையாத நாள் 3% ஏற்றும். இதெல்லாம் வெறும் இரைச்சல். 10% வளையம் இதை விழுங்கிவிடும், 4% நாளை விடாது. கலவை போட்டால் அசைவு இன்னும் அடங்கும், அப்போது வளையமும் சற்றுச் சின்னதாக இருக்கலாம்.

வளையத்தைத் தாண்டிய பின் எங்கே போவது என்று பலர் யோசிப்பதில்லை. செலவு அளவுக்கு விகிதமாக இருந்தால் வளையத்தின் விளிம்புவரை போனால் போதும். ஆர்டருக்கு நிலையான கட்டணம் என்றால் நடுவுக்கே போய்விடுங்கள்.

---

சில்லறை_முதல் · #10

எல்லாம் சரி, எனக்கு மூலதனம் 3 லட்சம். ஒரு லாட்டோட மதிப்பு 2 லட்சம். 105%-னா 1.57 லாட். 69%-னா 1.03 லாட். இதுல எங்க போய் வளையம், விளிம்பு? ரவுண்ட் பண்ணா 2-லேர்ந்து 1. கணக்கு 1.4-க்கும் 1.6-க்கும் நடுவுல ஆடுறப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை 1, 2, 1, 2-ன்னு மாறுது.

---

கணக்குப்பிள்ளை · #11

ரவுண்டிங்கில் 1.5 என்ற ஒரே எல்லை இருப்பதால் வரும் ஆட்டம் அது. எல்லையை இரண்டாக்குங்கள்: கையில் 1 இருந்தால் கணக்கு 1.75-ஐத் தொட்டால்தான் 2. கையில் 2 இருந்தால் 1.25-க்கு இறங்கினால்தான் 1. நடுவில் எவ்வளவு ஆடினாலும் கையை வைக்காதீர்கள்.

ஆனால் நேராகச் சொன்னால், ஒன்று இரண்டு லாட்டில் வோலட்டிலிட்டி டார்கெட்டிங் பெயருக்குத்தான். சராசரியாக நான்கு லாட்டாவது இருந்தால் ரவுண்டிங் பிழை 12.5%-க்குள் அடங்கும், அது தடை வளையத்தின் அளவுதான். அதற்குக் குறைவாக இருந்தால் இண்டெக்ஸ் இடிஎஃப்-ஐயும் ரொக்கத்தையும் வைத்துச் செய்யலாம். 100%-க்கு மேல் போக முடியாது, ஆனால் குறைப்பதைத் துல்லியமாகச் செய்யலாம். உங்கள் அளவில் அந்த 100% வரம்பு நஷ்டமே இல்லை என்பது என் எண்ணம்.

---

எதிர்க்காற்று · #12

நீங்க எல்லாரும் சுத்திச் சுத்தி ஃபார்முலாவையே பேசறீங்க. கேக்க வேண்டிய கேள்வி வேற. விழுந்தப்புறம் விக்கறது, ஏறினப்புறம் வாங்கறது. இதுக்குப் பேரு வச்சா மட்டும் சரியாயிடுமா?

2020-ஐ எடுங்க. பிப்ரவரி 19-லேர்ந்து மார்ச் 23 வரைக்கும் எஸ் அண்ட் பி 34% விழுந்தது. மார்ச் 16 ஒரே நாள்ல 12%. நீங்க சொல்ற 0.06 எடையில அந்த ஒரு நாளே வருஷக் கணக்குல 47% வோலட்டிலிட்டியைக் கொண்டு வந்துடும், மத்த நாளெல்லாம் பூஜ்யம்னு வச்சாக்கூட. எக்ஸ்போஷர் 26%-க்குக் கீழ. அடியில கால் பங்குகூடக் கையில இல்லை. மார்ச் 24 அன்னிக்கு 9.4% ஏறுச்சு. அதையும் உங்க ஃபார்முலா "ஆபத்து"ன்னு எண்ணி இன்னும் அடக்கும், ஏன்னா வர்க்கத்துக்கு மேலயா கீழயான்னு தெரியாது. ஏப்ரல் முடிவுக்குள்ள அடியிலேர்ந்து 30% ஏறிடுச்சு. அதுல உங்களுக்குக் கிடைச்சது என்ன?

---

நிலா_குவான்ட் · #13

கிடைச்சது கொஞ்சம்தான். மறுக்கல. V வடிவத்துல திரும்புற சந்தை இந்த முறைக்கு எதிரி, 2020-ம் 2024 ஆகஸ்டும் அந்த ரகம். ஆனா கணக்கை ரெண்டு பக்கமும் போடணும். மார்ச் 16-ன் 12%-ஐ வாங்கும்போது எவ்வளவு கையில இருந்தது? அதுக்கு முன்னாடியே பிப்ரவரி கடைசி வாரமும், மார்ச் 9-ம், 12-ம் அளவை வெட்டியாச்சு. அந்த 12% நாளை நீங்க 26%-க்கு வெட்டறதுக்கு முன்னாடி 126%-லயும் வாங்கல. 2008 மாதிரி மாசக்கணக்குல கொந்தளிச்சு இறங்கற சரிவுல அதே தாமதம் உங்க பக்கம் வேலை செய்யும்.

"விழுந்தப்புறம் விக்கறது"ன்னு சொல்றதுல ஒரு சின்ன வழுக்கல் இருக்கு. ஃபார்முலா விலையைப் பாக்கல. சந்தை மெதுவா தினம் 0.3% இறங்கிட்டே போனா எக்ஸ்போஷர் குறையாது, ஏறும். பங்குச் சந்தையில விழும்போது வோலட்டிலிட்டி ஏறும்கிற பழக்கம் இருக்கறதால ரெண்டும் ஒண்ணா தெரியுது. கடன்பத்திரத்துலயும் கமாடிட்டியிலயும் அந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியில்லை, அதனாலதான் அங்க இந்த முறையால ஷார்ப் பெருசா ஏறறதில்லை.

---

எதிர்க்காற்று · #14

பங்குலயாவது ஏறுதா? மொரேரா, முயர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2017-ல ஏறுதுன்னு எழுதினாங்க. 2020-ல சிடர்பர்க்கும் மத்தவங்களும் நூத்துக்கு மேல உத்திகளை எடுத்து, அன்னன்னிக்குக் கையில இருந்த தகவலை மட்டும் வச்சு முதலீடு பண்ணியிருந்தா முறையா ஒரு மேன்மையும் தெரியலைன்னு காட்டினாங்க. அதுக்கப்புறமும் இது என்ன நம்பிக்கை?

---

கணக்குப்பிள்ளை · #15

ரிட்டர்ன் கூடும் என்று நம்பி இதற்குள் வருபவர்களுக்கு உங்கள் எச்சரிக்கை சரியானது. நான் அந்த வாக்குறுதியைத் தரமாட்டேன். நான் பார்ப்பது வேறு: ஒரு போர்ட்ஃபோலியோவின் வோலட்டிலிட்டி 8-க்கும் 40-க்கும் நடுவில் அலையாமல் 10-க்கும் 18-க்கும் நடுவில் நிற்கிறதா? வால்பக்க நாள்கள் எண்ணிக்கையில் குறைகின்றனவா? இவை பெரும்பாலும் நடக்கின்றன. வோலட்டிலிட்டியை முன்கூட்டிச் சொல்வது விலையை முன்கூட்டிச் சொல்வதைவிட எளிது, அந்த எளிமையைத்தான் இது பயன்படுத்துகிறது. ஷார்ப் ஏறுகிறதா என்பது நீங்கள் எடுக்கும் காலத்தைப் பொறுத்து மாறும், அதில் உங்களோடு சண்டையில்லை.

---

அலைவரிசை · #16

ஏற்றத்தையும் ஆபத்துன்னு எண்ணறதைத் தவிர்க்க, விழுந்த நாளோட வர்க்கத்தை மட்டும் எடுத்தா? இல்லைன்னா குறைக்கறதை உடனே பண்ணிட்டு, ஏத்தறதை மட்டும் மெதுவா பண்ணா?

---

நிலா_குவான்ட் · #17

விழுந்த நாள் மட்டும்: நான் சோதிச்சு வச்சிருக்கேன், பங்கு இண்டெக்ஸ்ல கொஞ்சம் உதவுது, ஆனா அது தனியா சேர்க்கிற மதிப்பா, இல்ல போன இருபது வருஷத்து V-க்களோட ராசியான்னு என்னால பிரிக்க முடியல. தரவு பாதியாகிறதால எண்ணும் கூடுதலா ஆடும். மார்ச் 2020-ல ஏற்ற நாளும் இறக்க நாளும் அடுத்தடுத்து வந்தது. மார்ச் 12 இறக்கம், 13 ஏற்றம் 9% மேல, 16 இறக்கம். 13-ஆம் தேதி ஏற்றத்தை ஆபத்து இல்லைன்னு விட்டிருந்தா 16-ஆம் தேதிக்குக் கூடுதலா கையில வச்சுட்டுப் போயிருப்பீங்க. பெரிய ஏற்றம் பெரும்பாலும் கொந்தளிப்புக்கு நடுவுலதான் வரும்.

வேகமா குறைச்சு மெதுவா ஏத்தறது நிறையப் பேர் செய்யறது. ஆனா அதைச் செஞ்சா சராசரி எக்ஸ்போஷர் குறையும், டார்கெட் 12-ன்னு எழுதியிருந்தாலும் பல வருஷச் சராசரி அதுக்குக் கீழ நிக்கும். அதைக் கண்டுபிடிக்க வழி: ஸ்ட்ராட்டஜியோட நிஜ வோலட்டிலிட்டியை முழுக் காலத்துக்கும் கணக்குப் போட்டு 12-ஓட ஒப்பிடுங்க. எதிர்க்காற்று சொல்ற V நஷ்டமும் இதால அதிகமாகும், ஏன்னா திரும்பி ஏறும்போதுதான் நீங்க மெதுவா போறீங்க. கணக்குப்பிள்ளை சார் சொன்ன கலவையை நான் இதைவிட விரும்புவேன், ஆனா 30%-க்குப் பதில் 20% போடுவேன்.

பேக்டெஸ்ட் பண்றவங்க எல்லாரும் ஒரு வரியைக் கவனிங்க. இன்னிக்கு க்ளோஸ்ல தெரிஞ்ச வோலட்டிலிட்டியை இன்னிக்கு ரிட்டர்னோட பெருக்கினா, 4% விழுற அன்னிக்கே 69%-ல இருந்த மாதிரி கணக்கு வரும். முழுப் பொய். ஷார்ப் அழகா ஏறும், சொல்லப்போனா அதுவே சந்தேகத்துக்கு அறிகுறி.

```python
r = close.pct_change()
var = (r**2).ewm(alpha=0.06, adjust=False).mean()
vol = (var * 252) ** 0.5
vlong = vol.rolling(2520, min_periods=252).mean()
w = (0.12 / (0.7*vol + 0.3*vlong)).clip(upper=1.5)
pnl = w.shift(1) * r
```

`shift(1)` அதுக்குத்தான். க்ளோஸ்லயே டிரேடு பண்ண முடியாதுன்னா `shift(2)` போட்டும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தா உங்க லாபம் ஆர்டர் வேகத்துல தொங்குதுன்னு அர்த்தம். `vlong`-க்கு மொத்தத் தரவோட சராசரியைப் போட்டுடாதீங்க, அதுவும் எதிர்காலத்தைத் திருடறதுதான். இதுல தடை வளையமும் செலவும் இல்லை, அதுக்கு நாள் நாளா ஓட்டற லூப் எழுதணும்.

---

மலைமுகடு · #18

ஓடவிட்டுப் பாத்தேன். என் ஏடிஆர் முறையில நடுவுல குறைக்கறதில்லைங்கிறது இப்பதான் உறைச்சது. என்ட்ரி எடுத்த பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை ஏடிஆரைப் பாத்துக் குறைச்சா?

---

நிலா_குவான்ட் · #19

செய்யலாம், ஆனா அப்ப ஸ்டாப்பையும் தூரம் நகர்த்தணும். அளவைப் பாதியாக் குறைச்சுட்டு ஸ்டாப்பைப் பழைய இடத்துலயே வச்சா ஒரு டிரேடுக்கு 1% இல்லை, 0.5% ரிஸ்க் எடுக்கறீங்க, கூடவே ஸ்டாப் அடிக்கிற வாய்ப்பும் அதிகம். இது தனி இழைக்கான விஷயம்.

---

அலைவரிசை · #20

இறுதியா நான் வச்சிருக்கறது: லாம்டா 0.94, 70-30 கலவை, வரம்பு 130%, வளையம் 10%, க்ளோஸிங் விலையில கணக்கு, மறுநாள் காலையில ஆர்டர். என் மார்ஜினுக்கு 20% நாள்ல 26% போனா தாங்கும். விழுந்த மறுநாள் காலையில இன்னும் 3% கீழ திறந்தா என்ன பண்றது? கணக்கு முந்தின க்ளோஸ்ல போட்டது, விலை வேற இடத்துல நிக்குது.

---

கணக்குப்பிள்ளை · #21

அளவை லாட் எண்ணிக்கையில் முந்தின இரவே எழுதிவைத்துவிடுங்கள், காலையில் அந்த எண்ணிக்கையையே விற்கவும். விலை கீழே திறந்தால் மூலதனமும் குறைந்திருக்கும், அதனால் நிஜத்தில் எக்ஸ்போஷர் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அந்த மிச்சத்தை அன்று மாலைக் கணக்கு பிடித்துக்கொள்ளும். திறந்த முதல் சில நிமிடங்களில் முழு ஆர்டரையும் கொட்டாதீர்கள், மூன்று நான்காகப் பிரித்து முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். "கொஞ்சம் திரும்பட்டும், அப்புறம் விற்கலாம்" என்று காத்திருந்தால் அது வேறு ஸ்ட்ராட்டஜி, அதற்கு நீங்கள் பேக்டெஸ்ட் செய்யவில்லை.

---

எதிர்க்காற்று · #22

130% வரம்பை 100% ஆக்கி ஓட்டிப் பாத்துட்டு ரெண்டு ரிசல்டையும் இங்க போடுங்க. அமைதிக் காலத்துல ஏத்தறதுதான் லாபம் தருதா, பீதியில குறைக்கறதான்னு பிரிச்சுப் பாக்கணும். என் பந்தயம் ரெண்டாவது மேல.

---

அலைவரிசை · #23

ஓட்டறேன். செலவோட லூப் எழுதி முடிக்கணும், வார இறுதியில போடறேன்.